பத்து ரூபாய்ப் பையா, நூறு ரூபாய் பாட்டிலா?

"மாமா, நாம ஜூஸ் விக்கப் போறோமா, சர்க்கரைத் தண்ணி விக்கப் போறோமா?"

"விக்கப் போறோமா இல்லையாங்கறதுதான் மாப்ள முதல் கேள்வி. என்ன விக்கறோங்கறது ரெண்டாவது."

கோயம்புத்தூரில், பூட்டிக் கிடந்த ஒரு நூல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பழச்சாறுத் தொழிலில் கூட்டாக இறங்கப் போகும் இருவரின் பேச்சு இது. மாமா, அக்காள் கணவர். பெரிய குளிர்பான நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் தலை நரைத்தவர். மாப்பிள்ளை உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். இருவரும் கற்பனை மாந்தர்கள். அவர்கள் போடும் கணக்கில் உள்ள தொகைகளும் பேச்சுக்காக எடுத்துக்கொண்ட தோராயங்களே. பேச்சில் வந்துபோகும் நிறுவனங்களும் வரி விகிதங்களும் நிஜம். இதே சண்டையைப் போடாமல் பழச்சாறு விற்க வந்த கூட்டாளிகள் அநேகமாக யாரும் இருக்க முடியாது.

மாமாவின் கட்சி, பத்து ரூபாய். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்து பெங்களூரா மாம்பழக் கூழை பீப்பாயில் வாங்கி, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, 150 மில்லி பையில் அடைத்து, பெட்டிக்கடை வரை கொண்டுபோவது. மாப்பிள்ளையின் கட்சி, நூறு ரூபாய். கேரளத்து வாழக்குளம் அன்னாசியும் கொஞ்சம் இஞ்சியும் சேர்த்துப் பிழிந்த சாறு. சர்க்கரையோ தண்ணீரோ ஒரு சொட்டும் இல்லை. 250 மில்லி பாட்டில்.

"பத்து ரூபாய்னா ஒரே காசு மாப்ள. ஸ்கூல் பையன் யோசிக்காம நீட்டுவான். நூறு ரூபாய்க்கு அவங்கப்பாவே யோசிப்பார்."

"அந்தப் பத்து ரூபாயில நம்ம கைக்கு எவ்வளவு வரும்னு சொல்லுங்க மாமா."

மாமா பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதினார். கடைக்காரருக்கு ஒன்றரை ரூபாய். ஊர் விநியோகஸ்தருக்கு அறுபது காசு. அவருக்கு மேலே மாவட்ட அளவில் சரக்கு வைத்திருப்பவருக்கு முப்பது காசு. மீதி 7.60. அதற்குள் ஜிஎஸ்டி 5 சதவீதம் அடக்கம்; அதைக் கழித்தால் நிறுவனத்துக்கு வருவது 7.24. இனிச் செலவு: பையும் உறிஞ்சு குழலும் 2.75, மாங்கூழ் 1.25, சர்க்கரை 70 காசு, வேறொருவர் ஆலையில் நிரப்பித் தரும் கூலி ஒரு ரூபாய், லாரி வாடகை 50 காசு, அட்டைப்பெட்டியும் உடைசலும் 40 காசு. கூட்டினால் 6.60.

"மிச்சம் அறுபத்து நாலு காசு" என்றார் மாமா, அதில் குறையொன்றும் இல்லாதவர்போல.

மாப்பிள்ளையின் கண் வேறோர் இடத்தில் நின்றது. பழத்துக்கு ஆகும் செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பைக்கு ஆகிறது. மலிவான பானத்தை வாங்குபவர் காசில் பெரும்பகுதி அடைப்புக்கும் பயணத்துக்கும் போகிறது, குடிப்பது மிச்சத்தை. இது மாமாவின் சூழ்ச்சி அல்ல, அந்த விலையின் இயல்பு. பையின் விலையைப் பாதியாக்க முடியாது. பழத்தைத்தான் குறைக்க முடியும். 'பழ பானம்' என்று விற்க, எலுமிச்சை வகை நீங்கலாக, குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. மாமா 15 சதவீதம் போடுகிறார். சந்தைக் கணக்கில் அவர் தாராள மனசுக்காரர்.

அறுபத்து நாலு காசு கேவலமான தொகை அல்ல, எண்ணிக்கை இருந்தால். ஆபீஸ் வாடகை, விற்பனைப் பையன்கள் சம்பளம், வங்கி வட்டி எல்லாம் சேர்ந்து மாதம் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரவும் செலவும் சரியாக நிற்கவே மாதம் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பை விற்க வேண்டும். வேலை நாள் ஒன்றுக்கு முப்பதாயிரம். ஒரு கடையில் நாளுக்கு ஆறு பை ஓடினால் ஐயாயிரம் கடை.

"ஐயாயிரம் கடை எனக்குத் தெரியும்" என்றார் மாமா. அது பொய்யல்ல. அவர் முழுச் சொத்தே அதுதான்.

"கூழ் விலை முப்பது சதவீதம் ஏறினா?"

மாமா பதில் சொல்லவில்லை. 1.25 என்பது 1.63 ஆகும், அறுபத்து நாலில் முப்பத்தெட்டு காசு போய்விடும். பையின் விலையைப் பதினொன்றாக்க முடியாது; ஒற்றைக் காசின் வசீகரம் அதோடு போச்சு. அதனால்தான் இந்த விலையில் விற்பவர்கள் விலையைத் தொடாமல் மில்லியைக் குறைக்கிறார்கள். மாம்பழ விலையோ ஒரு வருடம் இருந்ததுபோல் மறு வருடம் இருப்பதில்லை. 2025 பருவத்தில் பெங்களூரா விலை விழுந்து, ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்தில் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி அரசு தலையிட வேண்டியிருந்தது. ஆலைகள் எட்டு ரூபாய் கொடுக்க, மீதி நாலை அரசு ஏற்றது. விவசாயிக்கு அது அழுகை. கூழ் வாங்குபவருக்கு நல்ல வருடம். அடுத்த வருடம் எப்படியோ!

வரியும் இப்படித்தான் காசுக் கணக்கில் உயிர் எடுக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு பானங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மாமாவின் கணக்கில் மற்றதெல்லாம் அப்படியே இருந்து வரி மட்டும் பழைய 12 சதவீதமாக இருந்திருந்தால், மிச்சம் அறுபத்து நாலு அல்ல, பத்தொன்பது காசு. வியாபாரமே இல்லை. இதே பானத்தில் கொஞ்சம் கேஸ் ஏற்றி நுரைக்க விட்டால் வரி 40 சதவீதம். பை ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் நஷ்டம். "கேஸ் ஏத்துனா சின்னப் பசங்க விடமாட்டாங்க மாப்ள" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமா அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்தினார்.

ஆனாலும் மாமாவுக்கு உண்மையான ஆபத்து மாங்கூழோ வரியோ அல்ல. பத்து ரூபாய் என்பது பெரிய பணக்காரர்கள் விளையாடும் களம். பார்லே அக்ரோவின் ஃப்ரூட்டி 1985 முதல் அங்கே இருக்கிறது. கோக கோலாவுக்கு மாசா, பெப்சிக்கு ஸ்லைஸ். பழ பானம் அல்லாத குளிர்பானத்தில் ரிலையன்ஸ் என்ன செய்தது என்பதை மாமாவே கடைகடையாகப் பார்த்தவர்: பழைய கேம்பா கோலா பெயரை வாங்கி, 2023இல் 200 மில்லியைப் பத்து ரூபாய்க்கு இறக்கியது. எதிரி விலையைக் குறைத்தால் நீயும் குறைக்க வேண்டும். அறுபத்து நாலு காசு வைத்திருப்பவன் எத்தனை காசு குறைப்பான்?

"இப்ப என் கணக்கு" என்று மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நூறு ரூபாய் பாட்டில். சூப்பர் மார்க்கெட்டோ வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலியோ முப்பது ரூபாய் எடுத்துக்கொள்ளும். குளிர்வண்டி வைத்திருக்கும் விநியோகஸ்தருக்கு எட்டு. மீதி 62, வரி போக 59. செலவில் பழம் 26, பாட்டிலும் மூடியும் லேபிளும் 7, அழுத்தப் பதனக் கூலி 8, குளிர்வண்டி 6. மொத்தம் 47.

"பாட்டிலுக்குப் பன்னெண்டு ரூபாய் மாமா! உங்க பை பத்தொன்பது வித்தாதான் எனக்கு ஒரு பாட்டில்."

கேட்கச் சுகமாக இருக்கிறது. பழத்துக்கு 26 ரூபாய், பாட்டிலுக்கு 7. மலிவுப் பையில் தலைகீழாக இருந்த விகிதம் இங்கே நிமிர்ந்து நிற்கிறது. வாங்குபவர் காசு பழத்துக்குப் போகிறது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சிறிய சந்தையில் அவசரமும் இல்லை.

'அழுத்தப் பதனம்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலிவுப் பையில் உள்ள பானத்தைக் கடுமையாகச் சூடாக்கி, கிருமி நீக்கிய பையில் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். ஆறு மாதம் கடை வெயிலில் தொங்கினாலும் கெடாது. அந்தச் சூட்டில் புதுப் பழத்தின் மணம் போய், 'டப்பா ருசி' வந்துவிடும். மாப்பிள்ளையின் சாற்றை யாரும் சூடாக்குவதில்லை. பாட்டிலில் அடைத்து மூடி, தண்ணீர் நிறைந்த எஃகு உருளைக்குள் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஆறாயிரம் மடங்கு அழுத்தத்தைச் சில நிமிடம் கொடுக்கிறார்கள். கடலின் மிக ஆழமான பள்ளத்தில் இருக்கும் அழுத்தமே இதில் ஐந்தில் ஒரு பங்குதான். நோய் தரும் கிருமிகள் அதில் சாகின்றன. மணமும் நிறமும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. கண்ணாடி இந்த அழுத்தத்தைத் தாங்காது, நெளிந்து கொடுக்கும் பிளாஸ்டிக்தான் வேண்டும். உயர்ரகம் என்றதும் கண்ணாடி பாட்டில்தான் என்று மனதில் படம் போட்டிருந்த மாப்பிள்ளைக்கு இது முதல் ஏமாற்றம்.

இரண்டாவது ஏமாற்றம் சாத்துக்குடி. ஜூஸ் கடையில் தமிழ்நாடே குடிப்பது அதைத்தானே என்று முதலில் அதைப் பிழிந்தார். அன்றைக்கு அமிர்தம். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் கசப்பு. சாத்துக்குடிச் சாற்றில் லிமோனின் என்ற பொருள் பிழிந்த பிறகு மெல்ல உருவாகிறது. கடையில் பிழிந்த கையோடு குடித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அன்னாசிக்கு வந்தார்.

அழுத்தத்தில் எல்லாக் கிருமியும் சாவதில்லை. வித்து வடிவில் உறங்குபவை பிழைத்துக்கொள்ளும். அவை விழிக்காமல் இருக்க அன்னாசியின் புளிப்பு ஒரு காவல், நாலு டிகிரி குளிர் இன்னொரு காவல். ஆலையிலிருந்து வாங்குபவர் வீடு வரை அந்தக் குளிர் ஓரிடத்திலும் அறுபடக் கூடாது.

இங்கேதான் மாமா சிரித்தார்.

"மாப்ள, ராத்திரி கடைய மூடும்போது அண்ணாச்சி என்ன பண்ணுவார் தெரியுமா? கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபிரிட்ஜ அமத்திட்டுப் போவார். காலைல வந்து போடுவார். உன் பாட்டில் நடுராத்திரி வேர்த்துக்கிட்டு நிக்கும்."

"அண்ணாச்சி கடைக்கு நான் தரமாட்டேன் மாமா."

"அப்ப யாருக்குத் தருவ? எத்தனை கடை? வித்தது போக மிச்சம் யார் தலைல?"

கேள்வி நியாயமானது. பெரிய கடைகள் தேதி முடிந்த பாட்டிலைத் திருப்பித் தந்துவிடும், பணம் தராது. அழுத்தப் பதனம் செய்த சாற்றின் ஆயுள் வாரக் கணக்கில்தான். அதில் லாரியிலும் கிடங்கிலும் ஒரு பங்கு போய்விடும். மாமா டைரியைத் திரும்ப எடுத்தார். நூறு பாட்டில் அனுப்பி நூறும் விற்றால் லாபம் 1,205 ரூபாய். பத்து திரும்பினால் 614. பதினைந்து திரும்பினால் 319. இருபது திரும்பினால் 24 ரூபாய். நூறு பாட்டிலுக்கு!

திரும்பி வந்த பாட்டிலின் பழத்துக்கும் கூலிக்கும் பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பதால் இப்படிச் சரிகிறது. மலிவுப் பையில் விலைதான் எதிரி. உயர்ரகப் பாட்டிலில் நாட்காட்டி எதிரி. மூடி லேசாக உப்பியிருந்தாலோ, திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தாலோ, வழியில் எங்கோ குளிர் அறுந்து உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஒரு பாட்டிலை வாங்கியவர் இரண்டாவது வாங்கமாட்டார்.

மும்பையில் அனுஜ் ராக்யான் தொடங்கிய ரா பிரஸ்ஸரி இந்தியாவில் இந்த வழியில் முதலில் பெரிதாகப் போன நிறுவனம். அழுத்தப் பதனம், சொந்தக் குளிர்வண்டிகள், பெரிய முதலீட்டாளர்கள் எல்லாம் இருந்தன. கடைசியில் 2021இல் விங்கிரீன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. நல்ல சரக்கு மட்டும் போதாது என்பதற்கு மாமா அடிக்கடி இழுக்கும் பெயர் அது. மாப்பிள்ளை பதிலுக்கு இழுப்பது பேப்பர் போட்.

பேப்பர் போட் கதை இருவருக்குமே உதவுகிறது. அதனாலேயே அதில் கொஞ்சம் நிற்கலாம். கோக கோலாவில் வேலை பார்த்த நீரஜ் கக்கரும் கூட்டாளிகளும் தொடங்கிய ஹெக்டர் பெவரேஜஸ் நிறுவனம் முதலில் மாமாவின் பாதையில்தான் நடந்தது. 2011இல் சிங்கா என்ற ஊக்க பானத்தை, ரெட் புல்லைவிடப் பல மடங்கு மலிவாக, பையில் அடைத்து விட்டார்கள். மலிவு என்பதைத் தவிர அதற்கென்று சொல்ல ஒரு கதை இல்லை. பிறகு, வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்த ஆம் பன்னாவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பகிர்ந்து குடித்ததில் வேறொரு யோசனை பிறந்தது. 2013இல் ஆம் பன்னா, ஆம்ரஸ், ஜல்ஜீரா என்று வீட்டு பானங்களை நிமிர்ந்து நிற்கும் பையில் அடைத்து, 250 மில்லி முப்பது ரூபாய் என்று விலை வைத்தார்கள். பக்கத்தில் ஃப்ரூட்டி அதைவிட மலிவாகக் கிடைக்கும்போதே! பின்னாளில் பானகம், ரசம்கூட அந்தப் பையில் வந்தன.

"பாத்தீங்களா? மலிவ விட்டுட்டு மேல போனதும்தான் பேர் வந்துச்சு" என்றார் மாப்பிள்ளை.

"முழுசாச் சொல்லு. அந்தப் பைக்கு ஃபிரிட்ஜ் தேவையில்ல. சூடாக்கி அடைச்சது. உன் பாட்டில மாதிரி மூணு வாரத்துல செத்துப் போறதில்ல. விமானத்துல குடுத்தான், காபி கடையில வெச்சான். பக்கத்துல பத்து ரூபாய் பை தொங்காத இடமாப் பாத்து நுழைஞ்சான்."

மாமா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. முப்பது ரூபாய் அதிகமா குறைவா என்பது பாட்டிலைப் பார்த்து முடிவாவதில்லை. பக்கத்தில் நிற்பதைப் பார்த்து முடிவாகிறது. பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கினால் அது விலை அதிகமான ஃப்ரூட்டி. விமான இருக்கையில் அதே பை, காபியைவிட மலிவு. விலையை மாற்றாமல் இடத்தை மாற்றினார்கள்.

பேப்பர் போட் அங்கேயே நிற்கவும் இல்லை. பெயர் ஊன்றிய பிறகு ஸ்விங் என்று ஒரு துணைப்பெயரில், 150 மில்லி பத்து ரூபாய்க்குக் கீழே இறங்கியது. மாமாவுக்குத் தேவைப்பட்ட சாட்சி அது.

"கடைசில எல்லாரும் பத்து ரூபாய்க்குத்தான் வரணும் மாப்ள."

"வந்தாங்க மாமா. ஆனா எந்தத் திசைல வந்தாங்க? மேலேருந்து கீழ. பத்து ரூபாயில ஆரம்பிச்சிருந்தா, அதே பேர்ல நாளைக்கு நூறு ரூபாய் பாட்டில் வெக்க முடியுமா? வாங்கறவன் பத்து ரூபாய் கம்பெனிதானேன்னு கேக்கமாட்டானா?"

இந்த இடத்தில் மாப்பிள்ளை பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. கீழிருந்து மேலே ஏறிய பெயர்கள் இல்லாமல் இல்லை; ஆனால் ஏறும் செலவு பெரிது. மேலிருந்து இறங்குபவர் வேறு பெயரில், வேறு பையில் இறங்கிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான காரணம் கைமுதல். ஐயாயிரம் கடைக்குச் சரக்கு நிரப்பி வைக்கும் பணம் இந்த இருவரிடம் இல்லை; ஐம்பது கடைக்கு இருக்கிறது. பத்து ரூபாய் வழியில் முதல் நாளே பெரிதாக நிற்க வேண்டும். நூறு ரூபாய் வழியில் சின்னதாகத் தோற்றுப் பார்க்கலாம்.

ஆனால் மாப்பிள்ளை ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. லேபிளில் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று கொட்டை எழுத்தில் போட ஆசைப்பட்டார். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து மீட்டெடுத்த சாறுகளுக்கு அந்த வாசகம் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் சாறு நேரடியாகப் பிழிந்தது. தடை அதைத் தொடாது. இருந்தாலும் பல வருடம் எல்லாரும் போட்டுப் போட்டு அந்த வாசகம் தேய்ந்துவிட்டது, அதை நம்பி நூறு ரூபாய் கேட்க முடியாது என்றார் மாமா. அதற்குப் பதில் பிழிந்த தேதியைப் பெரிதாக அச்சடிக்கலாம் என்று முடிவானது. யோசனை மாமாவுடையது. தேதியை மறைக்கப் பார்க்கும் தொழிலில் தேதியையே விளம்பரமாக்குவது அவர் மூளைக்குத்தான் வரும்.

முடிவும் பாதிப் பாதிதான். முதலில் நூறு ரூபாய் பாட்டில், ஆனால் இரவிலும் ஃபிரிட்ஜை அணைக்காத ஐம்பது இடங்களில் மட்டும்: உடற்பயிற்சிக் கூடங்கள், மருத்துவமனை உணவகங்கள், இரண்டு மூன்று சூப்பர் மார்க்கெட். ஒவ்வொரு குளிர்பெட்டியிலும் வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று. எட்டு வாரம் திரும்பி வரும் பாட்டிலை எண்ணுவது. நூறுக்குப் பத்துக்குள் நின்றால் தொடர்வது. பதினைந்தைத் தாண்டினால் பாட்டிலை நிறுத்திவிட்டு, கையில் மிஞ்சிய பணத்தோடு மாமாவின் பைக்கு, வேறு பெயரில் மாறுவது. பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் வந்தால் என்ன செய்வது என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. இன்னும் நாலு வாரம் பார்க்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. மாமா பேச மறுக்கிறார்.

வணிகச்சின்னப் பதிவில் பழச்சாறு 32ஆம் வகுப்பில் வருகிறது. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு பெயருக்கு ஒரு வகுப்பில் கட்டணம் 4,500 ரூபாய். இரண்டு பெயருக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்தை அன்று மாலையே கட்டினார்கள். பாட்டிலின் பெயர் மாப்பிள்ளை வைத்தது, பையின் பெயர் மாமா வைத்தது.